குதிரை உதையும் கோல் கணக்கும்

1898ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியில் மெல்லிய ஒரு புத்தகம் வெளிவந்தது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘சிறிய எண்களின் விதி’. எழுதியவர் லாடிஸ்லாஸ் போர்ட்கிவிச். ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பிறந்த பொருளியலாளர், புள்ளிவிபரவியலாளர். அந்தப் புத்தகத்தில் ஒரு விசித்திரமான கணக்கு இருக்கிறது. பிரஷ்ய இராணுவத்தில் குதிரை உதைத்து இறந்துபோன வீரர்களின் எண்ணிக்கை அது.

இதற்கும் உதைபந்தாட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இன்று ஒரு போட்டி 1-0 என்று முடிய எத்தனை சதவீத வாய்ப்பு என்று தொலைபேசியில் ஒரு எண் வருகிறதே, அதற்கு அடியில் ஓடுவது பெரும்பாலும் அந்தக் குதிரைக் கணக்கின் வாரிசுதான். அந்த எண் எப்படி வருகிறது, எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கும் அளவுக்கு இங்கே சொல்லப்போகிறேன். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

குதிரைகள் சொன்னது

போர்ட்கிவிச் 1875 முதல் 1894 வரையான 20 ஆண்டுகளின் பதிவுகளை எடுத்தார். அமைப்பில் வேறுபட்ட சில படைப்பிரிவுகளை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது 10 படைப்பிரிவுகள். 10 பிரிவு, 20 ஆண்டு என்றால் மொத்தம் 200 பதிவுகள். இந்த 200 பதிவுகளிலும் சேர்த்து இறந்தவர்கள் 122 பேர். ஆக, ஒரு பிரிவுக்கு ஓர் ஆண்டில் சராசரியாக 0.61 மரணம்.

எந்தக் குதிரை, எந்த நாளில், யாரை உதைக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனாலும் 200 பதிவுகளில் எத்தனையில் மரணமே இல்லை, எத்தனையில் ஒரு மரணம், எத்தனையில் இரண்டு என்று எண்ணி, அதை ஒரு சூத்திரம் தரும் எண்ணிக்கையோடு பக்கத்தில் வைத்தால் இப்படி வருகிறது:

| ஓர் ஆண்டில் மரணம் | உண்மையில் | சூத்திரப்படி |
|---|---|---|
| 0 | 109 | 108.7 |
| 1 | 65 | 66.3 |
| 2 | 22 | 20.2 |
| 3 | 3 | 4.1 |
| 4 | 1 | 0.6 |

இரண்டு நிரல்களும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள். சூத்திரத்துக்குக் கொடுத்தது 0.61 என்ற ஒரே ஓர் எண்தான். குதிரையைப் பற்றியோ வீரரைப் பற்றியோ வேறெதுவும் அதற்குத் தெரியாது.

அந்தச் சூத்திரம் போர்ட்கிவிச்சுடையது அல்ல. பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமேயோன் டெனி புவாசோன் 1837இல் வெளியிட்ட ஒரு நூலில் அது இருந்தது. அந்த நூலின் விடயம் நீதிமன்றத் தீர்ப்புகள்: ஜூரிகள் தவறாகத் தீர்ப்பளிக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்ற ஆராய்ச்சி. அதனால்தான் இதைப் புவாசோன் பரம்பல் என்கிறோம். அறுபது ஆண்டுகளாகப் பெரிதாக யாரும் கவனிக்காமல் கிடந்த சூத்திரத்தைக் குதிரைகள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன.

ஏன் கோலுக்கும் பொருந்துகிறது

புவாசோன் பரம்பல் எப்போது வேலை செய்யும்? ஒரு சம்பவம் நடப்பதற்கு நிறையச் சந்தர்ப்பங்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் அது நடக்க வாய்ப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஒன்று நடந்ததால் அடுத்ததன் வாய்ப்பு மாறக்கூடாது. குதிரை உதையும் அப்படித்தான், கோலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஓர் அணி ஒரு போட்டியில் சராசரியாக 1.03 கோல் போடும் என்று வைத்துக்கொள்வோம். (இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு காண்போம்.) 90 நிமிடங்களை 90 துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு நிமிடத்திலும் கோல் விழ வாய்ப்பு 1.03 / 90, அதாவது 1.1 சதவீதம். விழாமல் இருக்க வாய்ப்பு 98.9 சதவீதம். 90 நிமிடமும் கோலே விழாமல் போக வேண்டுமென்றால் அந்த 98.9 சதவீதத்தை 90 தடவை தன்னாலேயே பெருக்க வேண்டும். வருவது 35.5 சதவீதம்.

நிமிடத்தை நொடியாக்கி, நொடியை இன்னும் நுணுக்கினால் அந்த விடை 35.7 சதவீதத்தில் போய் நின்றுவிடும். அதற்கு மேல் நகராது. அந்த நிற்கும் இடத்தைத்தான் சூத்திரம் நேரடியாகத் தருகிறது:

```
P(k) = λ^k × e^(-λ) / k!
```

λ என்பது சராசரி. k என்பது நாங்கள் கேட்கும் கோல் எண்ணிக்கை. e என்பது 2.718 என்று தொடங்கும் மாறிலி. சூத்திரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல் எண்ணை, அதாவது பூச்சியம் கோலின் நிகழ்தகவை, கணிப்பொறியில் எடுத்துவிட்டால் மீதியெல்லாம் படிப்படியாக வரும். அதை λஆல் பெருக்கி 1ஆல் வகுத்தால் ஒரு கோலின் நிகழ்தகவு. அந்த விடையை மீண்டும் λஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் இரண்டு கோல். பிறகு 3ஆல், 4ஆல் என்று போகும்.

ஒரே சராசரி என்ற சிக்கல்

இவ்வளவு எளிது என்றால், உதைபந்தாட்டத்துக்கு இதை அன்றே பொருத்தியிருக்கலாமே? பொருத்திப் பார்த்தார்கள். முதலில் சரிவரவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1951இல் எம். ஜே. மொரோனி என்பவர் பொதுமக்களுக்காக எழுதிய புள்ளிவிபரவியல் நூலில் உதைபந்தாட்டக் கோல்களை எடுத்துக்கொண்டார். பல அணிகளின் போட்டிகளை ஒன்றாகக் கொட்டி, ஓர் அணி ஒரு போட்டியில் போட்ட கோல்களை எண்ணினார். புவாசோன் கிட்ட வந்தது, ஆனால் ஒட்டவில்லை. கோலே இல்லாத ஆட்டங்களும், கோல் மழை பொழிந்த ஆட்டங்களும் சூத்திரம் சொன்னதைவிட அதிகமாக இருந்தன.

ஏன் என்று சின்னக் கணக்கொன்றால் பார்ப்போம். இரண்டு அணிகள் இருக்கின்றன. ஒன்றின் சராசரி 0.5 கோல், மற்றதன் சராசரி 2.5 கோல். இரண்டையும் கலந்தால் பொதுச் சராசரி 1.5. இந்த 1.5ஐ மட்டும் சூத்திரத்தில் போட்டால், கோலே போடாத ஆட்டங்கள் 22 சதவீதம் என்று சொல்லும். ஆனால் உண்மையில் பலவீனமான அணி 61 சதவீத ஆட்டங்களில் கோல் போடாது, பலமான அணி 8 சதவீதத்தில் போடாது. இரண்டினதும் நடு 34 சதவீதம். மறுபக்கம், நான்கு அல்லது அதற்கு மேல் கோல் விழும் ஆட்டங்களை 1.5 என்ற சராசரி 7 சதவீதம் என்கிறது. கலவையில் உண்மையாக வருவது 12 சதவீதம்.

ஆக, ஒவ்வோர் அணியும் தனித்தனியே புவாசோன் விதிப்படி நடந்தாலும், எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கினால் அந்த விதி கெட்டதுபோலத் தெரியும். குதிரைக் கணக்கில் போர்ட்கிவிச் வேறுபட்ட படைப்பிரிவுகளை ஒதுக்கியபின் எண்கள் அவ்வளவு அழகாகப் பொருந்துவதன் காரணமும் இதுதான்.

அடுத்த கட்டத்தில் விவாதம் வேறு பக்கம் திரும்பியது. சார்ள்ஸ் ரீப் என்பவர் இங்கிலாந்து வான்படையில் கணக்காளராக இருந்தவர். 1950 மார்ச்சில் சுவிண்டன் ரவுண் அணியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பென்சிலும் குறிப்பேடும் எடுத்து, நடப்பதையெல்லாம் குறிக்கத் தொடங்கினார். பிறகு பல ஆண்டுகள் நிறுத்தவேயில்லை. 1968இல் அவரும் பேர்னார்ட் பெஞ்சமினும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, உதைபந்தாட்டத்தில் அதிர்ஷ்டத்தின் ஆட்சியே பெரிது என்ற முடிவுக்கு வந்தது.

இதைக் கேட்டால் ஆட்டம் பார்க்கும் எவருக்கும் கோபம் வரும். திறமைக்கு இடமே இல்லையா? 1974இல் ஐ. டி. ஹில் எளிமையான ஒரு பதில் சொன்னார். 1971-72 பருவகாலம் தொடங்குமுன் விளையாட்டு எழுத்தாளர்கள் ஊகித்த தரவரிசைகளை எடுத்து, பருவகால முடிவில் வந்த உண்மைத் தரவரிசைகளோடு ஒப்பிட்டார். ஊகங்கள் அப்படியே பலிக்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதைவிடத் தெளிவாக மேலானவை. எல்லாமே அதிர்ஷ்டம் என்றால் அது நடந்திருக்க முடியாது. ஓர் ஆட்டத்தில் அதிர்ஷ்டம் பெரிது, முப்பது நாற்பது ஆட்டங்களில் திறமை வெளியே வந்துவிடும் என்பதே இதன் பொருள்.

இந்த இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தவர் எம். ஜே. மேஹர். 1982இல் வெளியான அவருடைய கட்டுரையில் புவாசோன் திரும்பவும் வருகிறது, ஆனால் ஒரே சராசரியோடு அல்ல. ஒவ்வோர் அணிக்கும் ஒரு தாக்குதல் பலம், ஒரு தடுப்புப் பலம். சொந்த மைதானத்துக்கு ஒரு கூடுதல் அனுகூலம். ஓர் ஆட்டத்தில் ஓர் அணியின் சராசரி என்பது தன் தாக்குதலும் எதிரணியின் தடுப்பும் சேர்ந்து தரும் எண். அந்த எண்ணில் இருப்பது திறமை. அந்த எண்ணைச் சுற்றி நடக்கும் ஆட்டம்காட்டல் அதிர்ஷ்டம்.

ஆர்சனலும் லெஸ்ரரும்

மேஹரின் வழியை எளிமையாக்கி ஓர் ஆட்டத்துக்குப் போடுவோம். நான் எடுத்துக்கொள்வது 2015-16 பிரிமியர் லீக். பருவகாலத் தொடக்கத்தில் சூதாட்ட நிறுவனங்கள் 5000க்கு 1 என்று விலை வைத்த லெஸ்ரர் சிற்றி கிண்ணத்தைத் தூக்கிய ஆண்டு. ஆட்டம்: 2016 பெப்ரவரி 14, ஆர்சனலின் மைதானத்தில் ஆர்சனல் எதிர் லெஸ்ரர்.

முதலில் லீக் முழுவதற்குமான சராசரி. அந்தப் பருவகாலத்தின் 380 ஆட்டங்களில் 1026 கோல்கள், அதாவது ஆட்டத்துக்கு 2.7. இதில் சொந்த மைதான அணி போட்டது சுமார் 1.5, வெளியிலிருந்து வந்த அணி போட்டது சுமார் 1.2.

அடுத்து இரண்டு அணிகளின் கணக்கு. ஒவ்வோர் அணிக்கும் சொந்த மைதானத்தில் 19 ஆட்டம், வெளியே 19 ஆட்டம்.

ஆர்சனல் சொந்த மைதானத்தில் 31 கோல் போட்டது, 11 கோல் வாங்கியது. ஆட்டத்துக்கு 1.63 போட்டு 0.58 வாங்கியிருக்கிறது.

லெஸ்ரர் வெளி மைதானங்களில் 33 கோல் போட்டது, 18 வாங்கியது. ஆட்டத்துக்கு 1.74 போட்டு 0.95 வாங்கியிருக்கிறது.

இப்போது ஆர்சனலின் சராசரி. சாதாரண அணிகளுக்கு எதிராக அது 1.63 போடுகிறது. ஆனால் லெஸ்ரர் சாதாரணத் தடுப்பு இல்லை. வெளியே போகும் அணி வழக்கமாக 1.5 வாங்கும் இடத்தில் லெஸ்ரர் 0.95 மட்டுமே வாங்குகிறது, அதாவது 63 சதவீதம். எனவே 1.63ஐ 0.63ஆல் பெருக்குகிறோம். விடை 1.03. முன்பு பார்த்த எண் இதுதான்.

லெஸ்ரருக்கும் அதேபோல. அது வெளியே 1.74 போடுகிறது. ஆர்சனல் மைதானத்துக்கு வரும் அணிகள் 1.2க்குப் பதிலாக 0.58 மட்டுமே போடுகின்றன, அதாவது 48 சதவீதம். பெருக்கினால் 0.84.

இந்த இரண்டு எண்களையும் சூத்திரத்தில் போட்டால்:

| கோல் | ஆர்சனல் (1.03) | லெஸ்ரர் (0.84) |
|---|---|---|
| 0 | 35.7% | 43.2% |
| 1 | 36.8% | 36.3% |
| 2 | 18.9% | 15.2% |
| 3 | 6.5% | 4.3% |
| 4 | 1.7% | 0.9% |

இதைக் கணினி அட்டவணையிலும் எடுக்கலாம். ஆர்சனல் சரியாக இரண்டு கோல் போட எவ்வளவு வாய்ப்பு என்றால்:

```
=POISSON.DIST(2, 1.03, FALSE)
```

ஒரு குறிப்பிட்ட கோல் கணக்கு வேண்டுமென்றால் இரண்டு நிரல்களிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துப் பெருக்குங்கள். 1-0 என்றால் ஆர்சனலின் 1, லெஸ்ரரின் 0: 0.368 × 0.432 = 0.159. அதாவது 15.9 சதவீதம். 0-0 என்றால் 15.4 சதவீதம். 1-1 என்றால் 13.3. 0-1 என்றால் 12.9. 2-1 என்றால் 6.9.

எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, ஆர்சனல் வெல்லும் கட்டங்களைக் கூட்டினால் 39 சதவீதம். சமநிலை 32 சதவீதம். லெஸ்ரர் வெல்ல 29 சதவீதம்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். எல்லாவற்றிலும் அதிக வாய்ப்புள்ள கோல் கணக்கே 1-0தான், அதற்கும் கிடைத்தது 15.9 சதவீதம் மட்டும். ஆறு தடவை சொன்னால் ஐந்து தடவை பிழைக்கும். கணக்குத் தெரியாததால் வரும் பிழை இல்லை இது. கோல்கள் இவ்வளவு குறைவாக விழும் ஓர் ஆட்டத்தின் இயல்பே அப்படி.

அன்று நடந்தது

அந்த ஆட்டம் 2-1 என்று ஆர்சனலுக்கு முடிந்தது. 45ஆம் நிமிடத்தில் ஜேமி வார்டி தண்ட உதையில் லெஸ்ரருக்குக் கோல் போட்டார். 54ஆம் நிமிடத்தில் லெஸ்ரரின் டனி சிம்சன் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். 70ஆம் நிமிடத்தில் தியோ வோல்கொட் சமப்படுத்தினார். மேலதிக நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் டனி வெல்பெக் தலையால் முட்டி வெற்றிக் கோலைப் போட்டார்.

6.9 சதவீதம் என்று சொன்ன கணக்கு நடந்துவிட்டது. அதனால் கணக்குப் பிழை என்று ஆகாது. ஆனால் அந்த ஆட்டம் இந்த முறையின் எல்லைகளை நன்றாகக் காட்டுகிறது.

முதலாவது எல்லை, சராசரி 90 நிமிடமும் மாறாது என்று எடுத்துக்கொண்டோம். சிவப்பு அட்டை விழுந்ததும் ஆர்சனலின் வேகமும் லெஸ்ரரின் வேகமும் மாறிவிட்டன. பின்தங்கிய அணி முன்னேறி ஆடும், முன்னிலை வகிக்கும் அணி பின்வாங்கும். சூத்திரத்துக்கு இது எதுவும் தெரியாது.

இரண்டாவது, நான் எடுத்த எண்கள் பருவகாலம் முழுவதற்குமானவை. அவற்றுக்குள் அந்த ஆட்டத்தின் மூன்று கோல்களும் இருக்கின்றன, அதற்குப் பிறகு நடந்த ஆட்டங்களும் இருக்கின்றன. இது பின்னோக்கிப் பார்க்கும் கணக்கு. முன்கூட்டியே சொல்ல வேண்டுமென்றால் பெப்ரவரி 13 வரை நடந்ததை மட்டும் எடுக்க வேண்டும். இணையத்தில் யாராவது ‘என் கணக்கு இத்தனை ஆட்டங்களைச் சரியாகச் சொன்னது’ என்று காட்டினால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: நடந்து முடிந்த ஆட்டத்தின் எண்ணையே உள்ளே போட்டுவிட்டு அதே ஆட்டத்தைக் ‘கணித்திருக்கிறாரா’?

மூன்றாவது, இரண்டு அணிகளின் கோல்களுக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துத்தான் பெருக்கினோம். இது முழுக்க உண்மையில்லை என்பதை மேஹரே கவனித்திருந்தார்.

லங்காஸ்ரரில் ஒரு திருத்தம்

இந்த மூன்றாவது எல்லையைத்தான் 1997இல் லங்காஸ்ரர் பல்கலைக்கழகத்தின் மார்க் டிக்சனும் ஸ்ருவட் கோல்ஸும் திருத்தினார்கள். இங்கிலாந்து ஆட்டங்களின் முடிவுகளைப் பார்த்தபோது, 0-0, 1-1 ஆகியவை சூத்திரம் சொல்வதைவிடக் கொஞ்சம் அதிகமாகவும், 1-0, 0-1 ஆகியவை கொஞ்சம் குறைவாகவும் வருவதைக் கண்டார்கள். மற்றக் கோல் கணக்குகளில் பெரிய பிரச்சினை இல்லை. எனவே அந்த நான்கு கட்டங்களை மட்டும் தொடும் ஒரு திருத்தத்தைச் சேர்த்தார்கள்.

எங்கள் ஆட்டத்தில் அதைப் போட்டுப் பார்ப்போம். திருத்தத்தின் அளவை -0.1 என்று உதாரணத்துக்கு வைத்தால், 0-0க்கும் 1-1க்கும் ஏறத்தாழ 1.3 சதவீதம் கூடுகிறது, 1-0இலும் 0-1இலும் அதே 1.3 குறைகிறது. மொத்தம் மாறாது, வாய்ப்பு ஒரு கட்டத்திலிருந்து மற்றக் கட்டத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான். இப்போது 0-0 16.7 சதவீதம், 1-0 14.5 சதவீதம். அதிக வாய்ப்புள்ள கோல் கணக்கே மாறிவிட்டது! சமநிலை 32இலிருந்து ஏறத்தாழ 35 சதவீதமாகிறது. சின்னத் திருத்தம்தான், ஆனால் பணம் கட்டுபவருக்கு அது சின்னதல்ல.

இவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். பழைய ஆட்டங்களுக்குக் குறைந்த மதிப்பு, அண்மைய ஆட்டங்களுக்குக் கூடிய மதிப்பு. ஒரு வருடத்துக்கு முந்திய 4-0 வெற்றி இன்றைய அணியைப் பற்றிக் கொஞ்சம்தானே சொல்லும்.

பணத்தைப் பற்றி

டிக்சன், கோல்ஸ் கட்டுரையின் தலைப்பிலேயே சூதாட்டச் சந்தை இருக்கிறது. அதனால் அதைச் சொல்லாமல் போக முடியாது. என் வயதுப் பெடியள் இருக்கும் வட்ஸ்அப் குழுக்களில் சனிக்கிழமை காலையில் ‘இன்று நிச்சயம் 2-1’ என்று யாரோ விற்கும் தகவல்கள் சுற்றுகின்றன. நிச்சயம் என்ற சொல்லுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை என்பதை மேலே பார்த்துவிட்டீர்கள். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று விலைப்பட்டியலுக்குள் இருக்கிறது.

எங்கள் ஆட்டத்துக்கு ஒரு நிறுவனம் இப்படி விலை வைத்ததாகக் கற்பனை செய்யுங்கள்: ஆர்சனல் 2.40, சமநிலை 2.95, லெஸ்ரர் 3.25. அதாவது 1 பவுண் கட்டி வென்றால் 2.40 பவுண் கையில் வரும். விலையைத் தலைகீழாக்கினால் அது சொல்லும் நிகழ்தகவு வரும். 1 / 2.40 = 41.7 சதவீதம். மற்றவை 33.9, 30.8. மூன்றையும் கூட்டுங்கள். 106.4 வருகிறது. நூறுக்கு மேல் இருக்கும் அந்த 6.4தான் நிறுவனத்தின் பங்கு.

ஆர்சனல் வெல்ல 39 சதவீதம் என்ற எங்கள் கணக்கு முற்றிலும் சரி என்றே வைத்துக்கொள்வோம். நூறு தடவை ஒவ்வொரு பவுண் கட்டினால் 39 தடவை 2.40 வரும். மொத்தம் 93.60. கணக்குச் சரியாக இருந்தும் 6.40 பவுண் நட்டம். வெல்ல வேண்டுமானால் சரியாகக் கணித்தால் மட்டும் போதாது, அந்தப் பங்கையும் தாண்டும் அளவுக்கு நிறுவனத்தைவிடச் சிறப்பாகக் கணிக்க வேண்டும். டிக்சனும் கோல்ஸும்கூட எல்லா ஆட்டங்களிலும் பணம் கட்டும் வழியைச் சொல்லவில்லை. தங்கள் எண்ணுக்கும் நிறுவனத்தின் எண்ணுக்கும் பெரிய இடைவெளி வரும் சில ஆட்டங்களில் மட்டும் இலாபத்துக்கு இடமிருக்கலாம் என்றே காட்டினார்கள். அது 1997. இன்று நிறுவனங்கள் வைக்கும் விலைக்குள்ளேயே இந்த வகைக் கணக்கு இருக்கிறது.

நல்ல கணக்கு எது என்று அறிவது

அதே பருவகாலத்தில், 2015 செப்ரெம்பர் 26 அன்று லெஸ்ரரின் மைதானத்தில் ஆர்சனல் 5-2 என்று வென்றது. அலெக்ஸிஸ் சாஞ்சஸ் மூன்று கோல் போட்டார். மேலே செய்த அதே வழியில் அந்த ஆட்டத்துக்கு லெஸ்ரரின் சராசரி 1.62, ஆர்சனலின் சராசரி 1.41 என்று வருகிறது. லெஸ்ரர் சரியாக 2, ஆர்சனல் சரியாக 5 என்ற கணக்குக்கு வாய்ப்பு 0.3 சதவீதம், ஏறத்தாழ 340இல் ஒன்று. நடக்கவே முடியாதது நடந்துவிட்டதா? இல்லை. ஒரு பருவகாலத்தில் 380 ஆட்டங்கள். 340இல் ஒன்று போன்ற கணக்குகள் ஒவ்வோர் ஆட்டத்திலும் பல இருக்கின்றன. அவற்றில் சில வராமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே ஓர் ஆட்டத்தை வைத்து ஒரு கணக்கைத் தீர்ப்பிட முடியாது. செய்ய வேண்டியது இது. கணக்கு ‘சமநிலைக்கு 30 சதவீதம்’ என்று சொன்ன ஆட்டங்களை மட்டும் ஒரு பக்கம் சேருங்கள். நூறு ஆட்டம் சேர்ந்ததும், எத்தனை உண்மையில் சமநிலையில் முடிந்தன என்று எண்ணுங்கள். முப்பதை ஒட்டி இருந்தால் கணக்கு நேர்மையானது. ஐம்பதோ பத்தோ என்றால் சராசரியிலோ, அணிகளைக் கலந்த விதத்திலோ, அந்த நான்கு கட்டங்களிலோ எங்கேயோ பிழை இருக்கிறது.

கவனித்தால் இது போர்ட்கிவிச் செய்ததேதான்: உண்மையில் எத்தனை என்று ஒரு நிரல், சூத்திரப்படி எத்தனை என்று பக்கத்தில் இன்னொரு நிரல். உங்களுக்குப் பிடித்த அணியின் கடந்த பருவகால முடிவுகளை எடுத்து, எத்தனை ஆட்டங்களில் பூச்சியம், எத்தனையில் ஒன்று, எத்தனையில் இரண்டு என்று எண்ணி, அந்த இரண்டு நிரல்களையும் நிரப்பிப் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.